எட்டா, ஆறா, மூன்றா?

பழுது பார்க்கும் கடையின் மேசையில் ஒரு மடிக்கணினி, நீலத் திரையோடு அடம்பிடித்துக்கொண்டிருக்கிறது. பயாஸைப் புதுப்பித்த கையோடு, பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கொடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்கிறது விண்டோஸ். சாவி என்பது 48 இலக்கம்: ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். அது தம்பியின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது. வீட்டு மேசைக் கணினியில் அந்தக் கணக்கைத் திறந்த அக்கா, திரையை அப்படியே செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

படம் வந்தது. ஆனால் எண்களின் மேல் ஊதாவும் பச்சையுமாக வளைந்து நெளியும் கோடுகள். மூன்றாவது தொகுதியின் மேல் டியூப்லைட்டின் வெள்ளைப் பட்டை. தம்பி போனை எடுத்தார். “அக்கா, மூணாவதுல வர்றது எட்டா, ஆறா?” அக்கா அதற்குள் கணினியை அணைத்துவிட்டு வெளியே கிளம்பியிருந்தார்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, பிட்லாக்கர் பூட்டுப் போட்டிருந்த கணினிகளை மீட்க இதே 48 இலக்கங்களைத் தேடித்தேடி அடிக்க வேண்டியிருந்தது. மங்கலான படத்திலிருந்து எண்களைச் சரியாக எழுதியெடுக்கக் கண் மட்டும் போதாது. கோடு எங்கிருந்து வருகிறது என்பதும், அந்த எண்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஒரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு கொசுவலைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தால் அலை அலையாக ஒரு கோலம் தெரியும். வலையில் அப்படி எந்தக் கோலமும் கிடையாது. இரண்டு கட்டங்களும் நூலிழை அளவு பொருந்தாமல் போவதால் பிறப்பது அது. இதற்கு மொய்ரே என்று பெயர். திரையும் ஒரு வலைதான்: அகலவாக்கில் 1920 புள்ளிகள். செல்போன் கேமராவின் உணரி இன்னொரு வலை: அகலவாக்கில் ஏறக்குறைய 4000 கண்ணறைகள். முழுத் திரையையும் படத்தில் அடக்கினால் திரைப்புள்ளி ஒன்றுக்கு இரண்டு கண்ணறையும் கொஞ்சமும் கிடைக்கும். கேமராவின் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளும் இரண்டு கண்ணறைக்கு ஒருமுறைதான் திரும்ப வருகின்றன. கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள இரண்டு வலைகள் மோதுகின்றன. அதனால்தான் வானவில் நிறத்தில் கோடு.

பொடி எழுத்துக்கு இது ஏன் இவ்வளவு கேடு? சாதாரண அளவில் தெரியும் ஓர் இலக்கம், திரையில் எட்டு அல்லது ஒன்பது புள்ளி உயரம்தான். அதன் கோட்டுத் தடிப்பு ஒரே ஒரு புள்ளி. 6-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம், வலது மேல் பக்கம் இருக்கும் இரண்டு மூன்று புள்ளி இடைவெளி. 3-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் இடது பக்கத்து இடைவெளிகள். ஒரு கருங்கோடு அந்த இடத்தில் வந்து விழுந்தால் இடைவெளி அடைபட்டு, ஆறும் எட்டாகும், மூன்றும் எட்டாகும்.

மறுபடி படம் எடுக்க வாய்ப்பிருந்தால் வேலை சுலபம். சாவி இருக்கும் பகுதியை மட்டும், திரை அகலத்தில் கால்வாசியை, கிட்டப் போய் எடுக்க வேண்டும். அப்போது புள்ளி ஒன்றுக்கு எட்டுக் கண்ணறை கிடைப்பதால் கோடுகள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒன்றுக்கு மூன்று படமாக, ஒவ்வொரு முறையும் போனைச் சற்றே நகர்த்தியும் சாய்த்தும் எடுப்பது நல்லது. போன் நகர்ந்தால் மொய்ரே கோடும் நகரும், விளக்கின் பிரதிபலிப்பும் நகரும். எழுத்து மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். மூன்று படத்திலும் மாறாமல் நிற்பது எதுவோ அதுதான் இலக்கத்தின் கோடு. படத்தை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும்; டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி வந்து சேரும்.

தம்பியிடம் இருப்பதோ ஒரே படம். அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றியதும் நிறக் கோடுகள் ஓரளவு மறைந்தன; இருட்டுக் கோடுகள் மறையவில்லை. டியூப்லைட் விழுந்த இடம் முழு வெள்ளை. அங்கே கேமரா எதையுமே பதிவு செய்யவில்லை என்பதால், எந்த மென்பொருளாலும் அதற்கடியில் இருந்ததைத் தோண்டி எடுக்க முடியாது.

இங்கேதான் கடைக்காரர் ஒரு காகிதத்தை எடுத்தார். பிட்லாக்கர் சாவியின் ஒவ்வொரு ஆறு இலக்கத் தொகுதியும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும். தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். சரிபார்க்க வாய்ப்பாடு தேவையில்லை: ஒன்று, மூன்று, ஐந்தாம் இலக்கங்களை ஒரு பக்கமும், இரண்டு, நான்கு, ஆறாம் இலக்கங்களை இன்னொரு பக்கமும் கூட்ட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0 அல்லது 11 அல்லது 22 ஆக இருக்க வேண்டும்.

மூன்றாம் தொகுதியைத் தம்பி 418537 என்று படித்திருந்தார். 4, 8, 3 சேர்ந்தால் 15. 1, 5, 7 சேர்ந்தால் 13. வித்தியாசம் 2, ஆக, எங்கோ தவறு. சந்தேகம் வெள்ளைப் பட்டையின் ஓரத்தில் இருக்கும் 8-ன் மேல்தான். அந்த இடத்தில் 3 போட்டால் ஒரு பக்கம் 10, பொருந்தவில்லை. 0 போட்டால் 7, அதுவும் இல்லை. 6 போட்டால் 13-க்கு 13. ஆகவே 416537. அந்த இலக்கம் முழுவதுமாக மறைந்திருந்தாலும் விடை இதுவேதான்: மற்ற ஐந்தும் சரியாக இருந்தால், காணாமல் போன ஒரே ஓர் இலக்கத்துக்குப் பொருந்தும் எண் ஒன்றுதான். இரண்டு இலக்கம் மறைந்துவிட்டால் மட்டும் இந்தக் கணக்குக்கு ஒன்பது அல்லது பத்துச் சோடிகள் பொருந்தி நிற்கும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. எந்தத் தொகுதியும் 720896-ஐ எட்டக்கூடாது. அதனால் ஒரு தொகுதி 8-லோ 9-லோ தொடங்கவே தொடங்காது. முதல் இடத்தில் 8 தெரிந்தால், அது 0, 3, 6-ல் ஒன்றாக இருக்கலாம்.

இந்தச் சோதனைக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது. மொய்ரே சரியாக அதன் வழியாகத்தான் நுழையும். கோடு பரவலாக விழுவதால் ஒரே மாதிரித் தவறு பக்கத்துப் பக்கத்தில் நடக்கும். ஆறாம் தொகுதியில் தம்பி படித்தது 188452. 1, 8, 5 சேர்ந்தால் 14. 8, 4, 2 சேர்ந்தாலும் 14. தேர்ச்சி. ஆனால் உண்மையான எண் 133452 ஆக இருந்தாலும் 9-க்கு 9 என்று அதுவும் தேறும். 33 என்பது 88 ஆனால் இரண்டு பக்கமும் ஐந்தைந்து கூடி, வித்தியாசம் மாறாமல் நிற்கிறது. அதனால் அடுத்தடுத்து ஒரே இலக்கம் வரும் இடங்களைக் கணக்குத் தேறினாலும் நம்பக்கூடாது. தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

கடைக்காரர் மற்ற ஏழு தொகுதிகளுக்கும் டிக் அடித்தார். ஆறாவதற்கு மட்டும் இரண்டு வடிவங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார். 188452 போட்டு முதலில் அடித்தார்கள், திரை ஏற்கவில்லை. 133452 என்று மாற்றி அடித்ததும் விண்டோஸின் வட்டம் சுழலத் தொடங்கியது. தம்பி அக்காவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார்: “திறந்துடுச்சுக்கா. அந்தப் போட்டோவை ரெண்டு பேர் போன்லயும் அழிச்சிடுவோம்.”