மாமல்லபுரம் போய்த் திரும்ப எத்தனை யூனிட்?

சைக்கிளை மிதிக்கத் தொடங்கியதும் நம் கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைத்துவிடும். கல்லீரல் சேமித்து வைத்த குளுக்கோஸை ரத்தத்தில் விடும், தசைகள் அதை எடுத்துக்கொள்ளும். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவருக்கு இன்சுலின் ஊசி வழியாகத்தான் வருகிறது. போட்ட ஊசியைப் பாதி வழியில் திரும்ப எடுக்க முடியாது. கல்லீரல் குளுக்கோஸை விடாதபடி அது தடுத்துக்கொண்டே இருக்கும். தசைகளோ, உழைக்கும்போது இன்சுலின் உதவி இல்லாமலும் குளுக்கோஸை இழுக்கும். அதனால்தான் சர்க்கரை மளமளவென்று இறங்குகிறது.

எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, கிளம்பும் நேரத்தில் உடம்பில் எவ்வளவு இன்சுலின் மிச்சம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். விடியற்காலை வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் ஓடும்போது சர்க்கரை பெரிதாக இறங்காமல் இருக்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு முழு ஊசி போட்டு இரண்டு மணி நேரத்தில் அதே ஓட்டம் ஓடினால் தலைசுற்றல்தான்.

திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்த் திரும்பும் ஒரு பெண்ணின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏறத்தாழ 100 கிலோமீட்டர், நாலரை மணி நேரம். இரவு 20 யூனிட் கிளார்ஜின் போடுபவர். சாப்பாட்டுக்கு, 10 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் வேக இன்சுலின். (இது அவர் அளவு. உங்கள் அளவை உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்துதான் போட வேண்டும்.)

முந்தின இரவே வேலை ஆரம்பம். 20 யூனிட்டை 16 ஆக்குகிறார். காலை நாலேகாலுக்கு மூன்று இட்லி, ஒரு பூவன் பழம், சுமார் 50 கிராம் மாவுச்சத்து. வழக்கமாக 5 யூனிட் போடுவார், இன்று பாதிதான். ஐந்தரைக்குக் கிளம்பும்போது 126-க்கும் 180-க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. 90-க்குக் கீழே இருந்தால் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் எடுத்து, ஏறிய பிறகே கிளம்ப வேண்டும். 270-க்கு மேலே போய், காரணமும் தெரியவில்லை என்றால் கீட்டோன் பார்க்க வேண்டும். அது 1.5-ஐத் தொட்டுவிட்டால் அன்று சைக்கிள் வீட்டிலேயே நிற்கட்டும். உடம்பில் இன்சுலின் போதவில்லை என்று அர்த்தம், மிதித்தால் நிலைமை மோசமாகும்.

வழியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். இவர் 750 மில்லி பாட்டிலில் 45 கிராம் குளுக்கோஸ் பவுடரைக் கரைத்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு குடிக்கிறார். பசித்த பிறகு சாப்பிடலாம் என்று காத்திருப்பதில்லை. கையில் ஒட்டிய சென்சார் காட்டும் எண், சர்க்கரை வேகமாக இறங்கும்போது பல நிமிடம் பின்தங்கியிருக்கும். 100 என்று காட்டி, பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறியும் இருந்தால், அதை 100 என்று நம்பக் கூடாது.

பலர் மாட்டிக்கொள்வது மாமல்லபுரத்தில்தான். சூடாகப் பொங்கல், வடை, காபி. வழக்கம்போல முழு ஊசி. பிறகு கடற்காற்றை எதிர்த்து இரண்டு மணி நேரம் மிதிக்க வேண்டும். முட்டுக்காடு வருவதற்குள் கை நடுங்கும். இவர் அங்கே இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டு, ஊசி போடாமல், அதை அடுத்த அரைமணி நேரக் குளுக்கோஸ் கணக்கில் வைத்துக்கொள்கிறார். பொங்கலின் நெய் மாவுச்சத்து ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும் என்பது இன்னொரு தொல்லை.

வெயிலில் மிதிப்பவருக்கு வியர்வையும் சோர்வும் எப்படியும் இருக்கும் என்பதால் சர்க்கரைத் தாழ்வு எளிதில் ஒளிந்துகொள்ளும். கியர் மாற்றக் குழப்பம், காரணமில்லாத எரிச்சல், உதடு மரத்தல் வந்தால் இறங்கி விரலில் குத்திப் பார்ப்பதே சரி. 70-க்குக் கீழே என்றால் 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ், பதினைந்து நிமிடம் நிழலில், மறுபடி சோதனை. கடலைமிட்டாய் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு மெதுவாக்கிவிடும்.

போட்டி நாளில் கதை மாறும். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின், துப்பாக்கி வெடிக்கும் முன்பே சர்க்கரையை ஏற்றிவிடும். அதைப் பார்த்து முழு ஊசி போட்டால் ஒரு மணி நேரத்தில் குப்புற விழும். 2013 முதல் எல்லோரும் முதல் வகைக்காரர்களாகவே கொண்டு ஓட்டிவரும் நோவோ நார்டிஸ்க் தொழில்முறை சைக்கிள் அணிக்கும் இதே உடலியல்தான்.

வீடு திரும்பினாலும் தசைகள் காலியான கிடங்கை நிரப்பிக்கொண்டே இருக்கும், பல மணி நேரம். ஆகவே மதியச் சாப்பாட்டு ஊசியும் குறைவுதான், இரவு கிளார்ஜினும் மறுபடி 16 யூனிட்தான். படுக்கும்போது 120-க்குக் கீழே இருந்தால் ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும். தூக்கத்தில் தாழ்வு உறைக்காது என்பதால், சென்சார் அலாரத்தை 80-இல் வைத்துவிட்டு, பக்கத்திலேயே குளுக்கோஸ் டப்பாவையும் வைத்துக்கொள்கிறார். மறுநாள் காலை வரைபடத்தில் இரவு முழுக்க 180-க்கு மேலே ஓடியிருந்தால், அடுத்த பயணத்தன்று 16-ஐ 18 ஆக்கிப் பார்ப்பார்.