‘இன்று வேண்டாம்’ என்றால் நேற்று பதிவாகிறது

வீட்டுக்குப் பால் போடும் ஒரு நிறுவனத்தின் இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். ஊருக்குப் போகிறவர்கள் வசதிக்காக அதில் ‘இன்று பால் வேண்டாம்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணிக்குள் அழுத்தினால் அன்றைய பால் வராது, பணமும் பிடிக்கமாட்டார்கள். ஆனால் சிலருக்கு மட்டும், அழுத்திய பிறகும் பால் வருகிறது, பணமும் போகிறது. வாடிக்கையாளர் சேவைக்குப் புகார் வருகிறது. அங்கிருந்து டெஸ்டிங் குழுவுக்கு வந்து, புதிதாகச் சேர்ந்த இன்டர்ன் கையில் விழுகிறது. அவர் ஜிராவில் ஒரு டிக்கெட் போடுகிறார்: “இன்று பால் வேண்டாம் பட்டன் சில நேரம் வேலை செய்யவில்லை. உடனே சரிசெய்யவும்.”

டெவலப்பர் காலை பதினொரு மணிக்கு டிக்கெட்டைத் திறக்கிறார். சோதனைத் தளத்தில் பொத்தானை அழுத்துகிறார். பகலிலும் சோதிக்க முடிய வேண்டும் என்பதற்காக அங்கே ஆறு மணிக் கட்டுப்பாட்டை எடுத்துவைத்திருக்கிறார்கள். பதிவு சரியாக விழுகிறது. நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தும் ஒரு குறையும் தெரியவில்லை. `Cannot Reproduce` என்று குறித்து டிக்கெட்டை மூடிவிடுகிறார். இதில் டெவலப்பரிடம் தப்பு இல்லை. அவருக்குக் கிடைத்த தகவலை வைத்து அவர் பார்க்கக்கூடியதைப் பார்த்துவிட்டார். ‘சில நேரம்’ என்றால் எந்த நேரம் என்பது டிக்கெட்டில் இல்லை.

ஒரு நல்ல பக் ரிப்போர்ட்டுக்கு மூன்று விஷயங்கள் கட்டாயம் வேண்டும்: என்னென்ன செய்தால் கோளாறு வரும், என்ன நடந்திருக்க வேண்டும், உண்மையில் என்ன நடந்தது. மென்பொருள் துறையில் ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000-ஆம் ஆண்டிலேயே இதை எழுதிவிட்டார். கடைசி இரண்டையும் எழுதுவது சுலபம். முதலாவதுதான் உழைப்பு கேட்கிறது. ஏனென்றால் அது எழுத்து வேலைக்கு முந்தைய வேலை. எந்த நிபந்தனையில் கோளாறு தலைகாட்டுகிறது என்று கண்டுபிடிக்காமல் அதை எழுதவே முடியாது.

எங்கிருந்து தொடங்குவது? புகார் சொன்னவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடுவதிலிருந்து. நான்கு பேர் புகார் சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் ஆண்ட்ராய்டு, ஒருவர் ஐபோன், ஒருவர் மடிக்கணினி. ஆகவே கோளாறு ஒரு குறிப்பிட்ட கருவியைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பில்லை. ஏரியாவும் வேறுவேறு. ஒருவர் புது வாடிக்கையாளர், மற்றவர்கள் பழையவர்கள். அப்படியானால் நால்வருக்கும் பொதுவானது என்ன? எப்போது அழுத்தினார்கள் என்று சேவைக் குழுவிடம் கேட்டால் விடை தெரிய ஆரம்பிக்கிறது: 4:50, 5:10, 12:20, 5:25. அதே நாளில் 5:40-க்கு அழுத்திய இன்னொருவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. சரியாக வேலை செய்த இந்த ஒரு பதிவு, புகார்கள் நான்குக்கும் சமமான மதிப்புள்ளது. கோளாறு வரும் இடத்தை மட்டும் பார்த்தால் எல்லை தெரியாது. வராத இடத்தையும் பார்த்தால்தான் தெரியும்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. சர்வர் லாகைத் திறந்து பார்த்தால் 4:50 என்று இருக்காது. முந்தைய நாள் 23:20 என்று இருக்கும். சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் குறித்துக்கொள்கின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இது தெரியாத இன்டர்ன், ‘இரவு பதினொன்றே காலுக்கு மேல் அழுத்தினால் கோளாறு’ என்று எழுதி, இன்னொரு டெவலப்பரின் ஒரு நாளை வீணாக்குவார். நேரம் எழுதும்போதெல்லாம் அது எந்த ஊர் நேரம் என்றும் சேர்த்து எழுதுகிற பழக்கம் அதனால்தான் வேண்டும்.

இப்போது ஓர் ஊகம் கையில் இருக்கிறது: காலை ஐந்தரைக்கு முன்னால் அழுத்தினால்தான் கோளாறு வருகிறது. இதைச் சோதிக்க விடியற்காலையில் எழுந்து உட்கார வேண்டியதில்லை. கணினியின் கடிகாரத்தில் தானாக நேரம் பிடிக்கும் வசதியை நிறுத்திவிட்டு, நேரத்தைக் காலை 5:00 என்று மாற்றி, பக்கத்தைப் புதிதாக ஏற்றி, பொத்தானை அழுத்தினால் போதும். தேதியைத் தொட வேண்டாம். மணியை மட்டும் மாற்றுங்கள். மாதக்கணக்கில் முன்னே பின்னே தள்ளினால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் அடம்பிடிக்கும், லாகின் கலையும். நாம் தேடும் கோளாறு எது, நாமே உண்டாக்கிய கோளாறு எது என்று பிரிக்க முடியாமல் போகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்பதில் இந்த வேலை முழுதும் நிற்கிறது.

மாற்றிப் பார்த்ததும் கோளாறு வந்துவிடுகிறது. இந்த முடிவு இன்னொன்றையும் சொல்கிறது. மாற்றியது நம் கணினியின் கடிகாரத்தை மட்டும்தான். சர்வரின் கடிகாரம் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே தேதி தவறாகக் கணக்கிடப்படுவது பிரவுசரில்தான். டெவலப்பர் தேட வேண்டிய இடம் இப்போது பாதியாகக் குறைந்துவிட்டது. இனி எல்லையை நெருக்கிப் பிடிக்கலாம். 5:29-க்கு அழுத்தினால் முந்தைய நாள், 5:30-க்கு அழுத்தினால் அன்றைய நாள். பிரவுசரில் `F12` அழுத்தி `Network` பகுதியைத் திறந்துவைத்துக்கொண்டால், சர்வருக்கு என்ன தேதி போகிறது என்பதையும் கண்ணால் பார்க்கலாம். அந்தத் திரையைப் படம் பிடிக்கும்போது மூலையில் கணினிக் கடிகாரமும் தெரிய வேண்டும். வாடிக்கையாளரின் பெயரும் கைபேசி எண்ணும் தெரியக் கூடாது. அதற்காகத்தான் சோதனைக் கணக்கு இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு ரிப்போர்ட்டை எழுதுவது பத்து நிமிட வேலை. அது இப்படி வரும்:

தலைப்பு: காலை 5:30-க்கு முன் ‘இன்று பால் வேண்டாம்’ அழுத்தினால் முந்தைய நாள் தேதி பதிவாகிறது

சூழல்: சோதனைத் தளம், விண்டோஸ் 11, குரோம், கணினியின் நேர மண்டலம் இந்தியா. ஆண்ட்ராய்டு கைபேசியிலும் இதே நிலை.

முன்நிபந்தனை: தினமும் பால் வாங்கும் சந்தா உள்ள சோதனைக் கணக்கு.

செய்முறை:
1. கணினித் தேதி 10 மார்ச் 2025 ஆக இருக்கும்போது, நேரத்தைக் காலை 5:00 என மாற்றவும்.
2. தளத்தில் உள்நுழைந்து ‘என் சந்தா’ பக்கத்தைப் புதிதாக ஏற்றவும்.
3. ‘இன்று பால் வேண்டாம்’ பொத்தானை அழுத்தவும்.
4. ‘விடுமுறை நாட்கள்’ பட்டியலைப் பார்க்கவும்.

நடக்க வேண்டியது: பட்டியலில் 10 மார்ச் 2025 சேர வேண்டும்.

நடப்பது: 9 மார்ச் 2025 சேர்கிறது. 10-ஆம் தேதிக்கான பால் ரத்தாகவில்லை, பணமும் பிடிக்கப்படுகிறது.

எப்போதெல்லாம்: நள்ளிரவு 12:00 முதல் 5:29 வரை ஒவ்வொரு முறையும். 5:30 முதல் வருவதில்லை.

தலைப்பைக் கவனியுங்கள். ‘பட்டன் வேலை செய்யவில்லை’ என்பது பொய்யான தகவல்; பட்டன் வேலை செய்கிறது, தவறான தேதியில் செய்கிறது. நூறு டிக்கெட்டுகள் உள்ள பட்டியலில் தலைப்பை மட்டும் படிப்பவருக்கும், எப்போது என்ன ஆகிறது என்பது புரிந்துவிட வேண்டும். சூழலில் இருக்கும் ‘நேர மண்டலம் இந்தியா’ என்ற இரண்டு மூன்று சொற்களும் அலங்காரம் இல்லை. யுடிசி நேரத்தில் அமைக்கப்பட்ட கணினியில் ஒரு டெவலப்பர் வேலை செய்தால், கடிகாரத்தைக் காலை 5:00-க்கு மாற்றினாலும் அவருக்குக் கோளாறு வரவே வராது. அந்தச் சொற்கள் விடுபட்டால் டிக்கெட் மறுபடியும் மூடப்படும்.

ரிப்போர்ட்டில் ஊகத்துக்கு இடம் உண்டா? உண்டு, கடைசியில், ‘என் ஊகம்’ என்று தனியாகக் குறித்து. 5:30 என்ற எல்லை இந்திய நேரத்துக்கும் யுடிசிக்கும் உள்ள வித்தியாசத்தோடு அப்படியே பொருந்துகிறது என்று ஒரு வரி எழுதினால் டெவலப்பருக்கு உதவும். ஆனால் ‘நடப்பது’ என்ற இடத்தில் ‘தேதி யுடிசிக்கு மாறுகிறது’ என்று எழுதிவிடக் கூடாது. அங்கே கண்ணால் கண்டது மட்டும்தான் இருக்க வேண்டும். ஊகம் தவறாகப் போனாலும் கண்டது நிற்கும். இந்த ரிப்போர்ட்டைப் பார்த்த டெவலப்பர் நிரலில் தேடிப்போய் நிற்கும் இடம் பெரும்பாலும் இந்த வரியாக இருக்கும்:

```
new Date().toISOString().slice(0, 10)
```

இன்றைய தேதியை எடுத்துத் தருவதாகத் தோன்றும் இந்த வரி தருவது யுடிசியின் தேதியை. இந்தியாவில் 10-ஆம் தேதி காலை 5:29 ஆகும்போது யுடிசியில் இன்னும் 9-ஆம் தேதி இரவு 23:59 தான்.

ஆராயும்போது இன்டர்ன் இன்னொன்றையும் கவனித்திருக்கலாம். கடந்துபோன ஒரு நாளுக்கு ‘பால் வேண்டாம்’ என்று கேட்டபோது சர்வர் ஏன் மறுக்கவில்லை? இதுவும் கோளாறுதான், ஆனால் வேறு கோளாறு. ஒரே டிக்கெட்டில் இரண்டையும் எழுதினால், ஒன்றைச் சரிசெய்துவிட்டு டிக்கெட்டை மூடும்போது மற்றது காணாமல் போய்விடும். தனி டிக்கெட் போட்டு, முதல் டிக்கெட்டின் எண்ணை அதில் குறிப்பிடுவதே முறை.

எல்லாக் கோளாறுகளும் இப்படி வசப்படுவதில்லை. இணைப்பு வேகம், இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்துவது போன்றவற்றைச் சார்ந்தவை பத்து முறை முயன்றால் மூன்று முறை வரும். அப்போது அந்த எண்ணிக்கையையே எழுத வேண்டும். கூடவே வந்த முறைகளின் சரியான நேரத்தையும். நேரம் இருந்தால் லாகில் தேடிப் பிடிக்கலாம். ‘எப்போதாவது’ என்று எழுதினால் எதையும் தேட முடியாது.

திருத்திய பில்ட் வந்ததும் இன்டர்ன் தன் செய்முறையை அப்படியே மறுபடி செய்து பார்க்கிறார். 5:29, 5:30 இரண்டும் சரி. இரவு 11:59-க்குப் பழைய தேதியும் 12:00-க்குப் புதிய தேதியும் வருகின்றனவா என்றும் பார்க்கிறார். திருத்தம் எல்லையை வேறு இடத்துக்கு நகர்த்தியிருக்கக் கூடும். கடைசியாகக் கணினியின் நேர மண்டலத்தைத் துபாய்க்கு மாற்றுகிறார். சென்னையில் இருக்கும் பெற்றோருக்காக மகள் அங்கிருந்து சந்தாவைப் பார்த்துக்கொள்வது நடக்கக்கூடியதுதான். துபாயில் 9-ஆம் தேதி இரவு 11 மணி. சென்னையில் 10-ஆம் தேதி பிறந்து அரை மணி ஆகிவிட்டது. அவர் ‘இன்று வேண்டாம்’ என்றால் எந்த நாள்? பால் போடப்படும் ஊரின் நாள்தான் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் தளம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எங்கும் எழுதிவைக்கப்படவில்லை என்றால், ‘நடக்க வேண்டியது’ என்ற இடத்தை இன்டர்ன் தானாக நிரப்ப முடியாது. இதை அவர் பக் என்று பதியாமல், கேள்வியாக எழுதி, தேவைகளைத் தீர்மானிக்கும் புராடக்ட் மேனேஜருக்கு அனுப்புகிறார்.