உஷார்! "வெறும் களைப்புதான்" என்று ஆளை லாட்ஜில் விட்டுவிட்டு மேலே போகாதீர்கள்

அக்டோபரில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்க டிக்கெட் போட்டிருக்கிறீர்களா? ஷூ வாங்கப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் கோவையிலிருந்து ஆறு பேர் போனோம், ஆறு பேரும் திரும்பிவிட்டோம். ஆனால் லொபுசே லாட்ஜில் ஒரு ராத்திரி, சாண அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஐந்து பேராகத் திரும்புவதற்கான முடிவை நாங்களே எடுத்தோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

கிளம்பும்போது எல்லோருக்கும் கவலை டீச்சரைப் பற்றித்தான். ஓய்வுபெற்றவர், வயது 58, இடது முழங்காலில் உறை மாட்டிக்கொண்டு நடப்பவர். "டீச்சரால எங்க லேட் ஆகப் போகுதோ" என்று பையன்கள் இரண்டு பேரும் முணுமுணுத்தார்கள். பேங்க் அண்ணனைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. வருஷம் தவறாமல் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்குகிறவர், தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர். அவர்தான் எங்கள் தைரியம்.

முதல் உஷார் இங்கேயே. நெஞ்சுரமும் கால் பலமும் உயரத்திடம் செல்லாது. ஐயாயிரம் மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கிற ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் பாதியை விடச் சற்றே அதிகம். உடம்பு அதற்குப் பழகுகிற வேகம் ஆளுக்கு ஆள் மாறும். ஓட்டப் பயிற்சியால் அந்த வேகத்தைக் கூட்ட முடியாது. பலசாலிக்கு ஒரு கூடுதல் ஆபத்தும் உண்டு. உடம்பு பழகுவதற்கு முன்பே மேலே போய் நின்றுவிடுவார், தலை வலிக்கிறது என்று சொல்லவும் வெட்கப்படுவார்.

எங்கள் கோளாறு மலையில் ஆரம்பிக்கவில்லை, விமானத்தில் ஆரம்பித்தது. மேகம் காரணமாக லுக்லா விமானம் ஒரு நாள் முழுக்கப் பறக்கவில்லை. திரும்பும் டிக்கெட்டோ தேதி குறித்தாயிற்று. எந்த நாளை வெட்டலாம் என்று பார்த்தோம். திங்போச்சேயில் இரண்டு ராத்திரி என்று போட்டிருந்தது, இரண்டாவது நாள் 'ஓய்வு'. சும்மா இருக்கிற நாள்தானே என்று அதில் கை வைத்தோம்.

அது சும்மா இருக்கிற நாள் இல்லை. பக்கத்து மேட்டில் கொஞ்சம் ஏறிவிட்டு இறங்கி வந்து, முந்தின ராத்திரி தூங்கிய அதே உயரத்தில் மறுபடி தூங்குகிற நாள். உடம்பு பழகுவதற்கென்றே வைத்த நாள். மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது: 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை உயரம் கூடாத ராத்திரி ஒன்று வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினாலும் படுக்கும் இடம்தான் கணக்கு. நாங்கள் தெங்போச்சேயில் 3,860 மீட்டரில் தூங்கினோம், அடுத்த ராத்திரி திங்போச்சே 4,410, அதற்கடுத்த ராத்திரி லொபுசே 4,940. இரண்டே நாளில் 1,080 மீட்டர்.

திங்போச்சேயில் பேங்க் அண்ணன் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. "லேசா தலைவலி, வேற ஒண்ணுமில்லீங்க" என்று ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். உயரம் ஏறிய இடத்தில் தலைவலி, கூடவே பசியின்மையோ குமட்டலோ அசதியோ கிறுகிறுப்போ இருந்தால், வேறு காரணம் தெளிவாகத் தெரிகிற வரை அதை உயர நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டத்தில் பயப்பட ஒன்றுமில்லை, இறங்கக்கூட வேண்டியதில்லை. அங்கேயே இருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும். கூடாதது ஒன்றே ஒன்று, அதே நிலையில் மேலே ஏறுவது. நாங்கள் காலை ஆறரைக்குக் கிளம்பினோம்.

துக்லாவுக்கு மேல் ஒரு செங்குத்தான ஏற்றம் வரும். அதன் உச்சியில் எவரெஸ்டில் இறந்தவர்களுக்கு எழுப்பிய கல் மேடைகள் வரிசையாக நிற்கும். பையன்கள் கைடோடு முன்னால் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பத்து அடிக்கு ஒரு முறை கல்லில் உட்கார்ந்தபடி கடைசியில் வந்தார், துணைக்கு ஒரு போர்ட்டர். முடிவெடுக்க வேண்டிய கைடு முன்னால், முடிவு தேவைப்படுகிற ஆள் பின்னால், நடுவில் ஒரு மணி நேரத் தூரம். இது எங்கள் குழுவில் மட்டும் நடப்பதில்லை. 1980களின் கடைசியில் காட்மாண்டுவில் பணியாற்றிய டாக்டர் டேவிட் ஷ்லிமும் அவருடைய சக ஆய்வாளரும் நேபாளத்தில் இறந்த மலைநடையாளர்களின் கணக்கைப் பார்த்தபோது, உயர நோயால் இறந்தவர்களில் பெரும் பங்கு ஏற்பாடு செய்த குழுக்களோடு வந்தவர்கள் என்று தெரிந்தது. தனியாக வந்தவன் உடம்பு சரியில்லை என்றால் நின்றுவிடுவான். குழுவோடு வந்தவனை அட்டவணை இழுத்துக்கொண்டு போகும்.

லொபுசேக்கு அவர் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஜாக்கெட் ஜிப்பைப் போட முயன்றார். ஜிப்பின் இரண்டு முனையும் சேரவில்லை. ஒரு தரம், இரண்டு தரம், ஐந்து தரம். நான் கை நீட்டியதும் தட்டிவிட்டார். ஒரு நாளும் யாரிடமும் முகம் சுளிக்காத மனிதர். அப்படியே பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அடுப்பைச் சுற்றிப் பேச்சு ஆரம்பித்தது. "நாளைக்கு அண்ணன் இங்கயே ரெஸ்ட் எடுக்கட்டும். நாம கோரக்‌ஷெப் போய், கேம்ப்பையும் பார்த்துட்டு மறுநாள் வந்து கூட்டிக்கலாம்" என்றான் பெரிய பையன். விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரையும் எடுத்துவந்தான். எனக்கு 79, அவருக்கு 74. "பாருங்க, அஞ்சுதான் கம்மி." அந்த உயரத்தில் நன்றாக இருப்பவருக்கும் எண்பதுக்குப் பக்கத்தில்தான் காட்டும், கை சில்லிட்டிருந்தால் இன்னும் குறையும். அதை மட்டும் வைத்து ஒருவர் நலமா இல்லையா என்று தீர்மானிக்கவே கூடாது. எங்களுக்கோ அந்த எண் வசதியாக இருந்தது. லீவு, செலவு, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்ற நினைப்பு எல்லாம் அதன் பின்னால் ஒளிந்துகொண்டன.

டீச்சர்தான் எழுந்தார். நாம்சே லாட்ஜ் சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கை நோட்டீஸை எங்களில் முழுதாகப் படித்தவர் அவர் ஒருவரே. தரைப்பலகையின் கோட்டைக் காட்டி, "தம்பி, நீங்க முதல்ல நடங்க. குதிகாலை மறு கால் விரலோட ஒட்டி வெச்சு, அடி அடியா" என்றார். நடந்தேன். உடம்பெல்லாம் வலி, ஆனாலும் கோடு தவறவில்லை. அடுத்து அண்ணனை எழுப்பினார். இரண்டு அடி சரியாக வைத்தார். மூன்றாவது அடியில் கால் பக்கவாட்டில் போய் மேஜையைப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் அதே. குடித்தவர் நடை.

களைத்தவன் மெதுவாக நடப்பான், ஆனால் நேராக நடப்பான். தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, குணம் மாறினாலோ, எழுப்பினால் சரியாக எழாவிட்டாலோ மூளையில் நீர் கோத்து வீங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து மயக்கமும் சாவும் ஒரு நாளுக்குள்ளேயே வரலாம். இன்னொரு வகை நுரையீரலில் நீர் கோப்பது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான், இறங்குவது. லாட்ஜில் தனியாகப் படுக்க வைத்தால் அவர் தூங்குகிறாரா நினைவிழந்துவிட்டாரா என்று பார்க்கக்கூட ஆள் இருக்காது. நாங்கள் செய்யவிருந்தது அதைத்தான்.

"காலையில ஹெலிகாப்டர் கூப்பிட்டுக்கலாமே" என்றான் சின்னவன். கைடு தலையசைத்தார். ராத்திரியில் ஹெலிகாப்டர் வராது, காலையில் மேகம் இருந்தாலும் வராது. வருவது நிச்சயமில்லாத ஒன்றுக்காக எட்டு மணி நேரம் அதே உயரத்தில் காத்திருப்பதை விட, கால் உள்ளபோதே 500 மீட்டர் இறங்குவது மேல். அவரிடம் டெக்ஸாமெத்தசோன் இருந்தது. முதலில் 8 மில்லிகிராம், பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை 4. இறங்குவதற்கு அவகாசம் வாங்கித் தருகிற மருந்து அது, அதைப் போட்டுக்கொண்டு அங்கேயே தங்குவதற்கல்ல. கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் காட்டி, எழுதி வாங்கி, பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டரை மணிக்கு இறங்கினோம். அண்ணன், டீச்சர், நான், கைடு, இரண்டு போர்ட்டர்கள். மற்ற மூவரும் துணைக் கைடோடு லொபுசேயில் தங்கினார்கள். ஒரே கைடு என்றால் குழுவைப் பிரிக்கவே முடியாது, எல்லோரும்தான் இறங்க வேண்டியிருக்கும். முன்பணம் கட்டும்போதே இரண்டாவது ஆள் உண்டா என்று கேளுங்கள். காப்பீடு எத்தனை மீட்டர் வரை செல்லும் என்பதையும் அப்போதே பாருங்கள், பல பாலிசிகள் ஓர் உயரத்துக்கு மேல் நடந்த எதற்கும் பணம் தருவதில்லை.

கல் மேடைகள் வரை அவரை இருபுறமும் பிடித்துக்கொண்டு வந்தோம். துக்லா இறக்கத்தில் கால் நிற்கவே இல்லை. சாமான் சுமக்கும் மூங்கில் கூடையான டோகோவைக் காலி செய்து அதில் உட்கார வைத்து, போர்ட்டர் தம்பிகள் மாறி மாறிச் சுமந்தார்கள். டீச்சர் டார்ச் அடித்தபடி, முழங்கால் உறையோடு, எல்லோருக்கும் முன்னால் நடந்தார். பகலில் இரண்டரை மணி நேரப் பாதைக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. ஃபெரிச்சே, 4,371 மீட்டர். அங்கே இமயமலை மீட்புச் சங்கம் 1973 முதல் சீசன்தோறும் நடத்திவரும் கிளினிக்கில் ஆக்சிஜன் கொடுத்தார்கள். அங்கே சீசனில் பிற்பகலில் உயர நோயைப் பற்றி வகுப்பே எடுக்கிறார்கள். நாங்கள் வெட்டியெறிந்த ஓய்வு நாளில், திங்போச்சேயிலிருந்து ஒரு மேடு தாண்டி வந்து கேட்டிருக்கலாம்.

காலையில் அண்ணன் கண் திறந்து, "நாம எப்ப டீச்சர் கீழ வந்தோம்?" என்று கேட்டார். லொபுசேயில் தங்கிய லாட்ஜ் அவருக்கு நினைவே இல்லை, இன்றுவரை. அன்றே ஹெலிகாப்டரில் காட்மாண்டு அனுப்பினோம். மற்ற மூவரும் முகாமைப் பார்த்துவிட்டு வந்து லுக்லாவில் எங்களோடு சேர்ந்தார்கள்.

லுக்லாவில் மறுபடி மேகம். விமானத்துக்காக இரண்டு முழு நாள், ஓடுபாதையைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.