நாற்பத்து மூன்று பார்வைகள்

சங்கரன்கோவிலில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன், தன் முதல் யூடியூப் வீடியோவை ஒரு ஞாயிறு இரவு ஏற்றினான். போர் மோட்டாரில் கண்டன்சர் மாற்றுவது எப்படி என்று ஆறு நிமிடம். மறுநாள் இரவு கடை வாசலில் போனை நீட்டினான். "அண்ணாச்சி, காலையிலிருந்து நாற்பத்து மூணுலேயே நிக்குது."

நூறு தடவையாவது அவனே திறந்து பார்த்திருப்பான். ஒரே ஆள் திரும்பத் திரும்பத் திறப்பதை எல்லாம் யூடியூப் பார்வையாகச் சேர்ப்பதில்லை. சந்தேகமானவற்றைச் சரிபார்க்கும்போது எண்ணிக்கை சற்று நேரம் அசையாமலும் நிற்கும்.

அந்த எண்ணை விட்டுவிட்டு, 'ஸ்டுடியோ' செயலியைத் திறக்கச் சொன்னேன். நாற்பத்து மூன்றில் முப்பத்தொன்று வாட்ஸ்அப் வழியே வந்தவை, சொந்தக்காரர்கள். அத்தை வீட்டில் போரே கிடையாது, பாசத்துக்காகத் திறந்து மூடியிருக்கிறார்கள்.

அடுத்து இம்ப்ரெஷன்: 212. வீடியோவின் முகப்புப் படம் பாதிக்கு மேல் தெரியும்படி ஒரு நொடியாவது யாரோ ஒருவர் திரையில் நின்றால்தான் அது ஒன்று. அந்த 212-இல் தொட்டுத் திறந்தவர்கள் ஐந்து பேர், அதாவது நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேல். பாதிச் சேனல்களுக்கு இது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்று யூடியூபே சொல்கிறது. ஆக அவன் ஒன்றும் தோற்றுப்போகவில்லை. அவனை இன்னும் அதிகம் பேர் கண்ணில் காட்டவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு உறுத்தியது வேறு. பார்ப்பவர்கள் எந்த நொடியில் விலகுகிறார்கள் என்று காட்டும் கோடு, முதல் அரை நிமிடத்திலேயே கிணற்றில் விழுந்த வாளி மாதிரி இறங்கியிருந்தது. வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். சேனல் பெயர் சுழன்று வர, பாட்டு, வணக்கம், "சப்ஸ்கிரைப் பண்ணுங்க" என்று நாற்பது நொடி. மூடி திறந்த ஸ்டார்ட்டர் பெட்டி அதற்குப் பிறகுதான் வருகிறது. பயிர் காய்கிற வயலில் நின்று தேடுகிறவர் அதுவரை காத்திருப்பாரா?

தலைப்பிலும் அதே கோளாறு. 'சப்மெர்சிபிள் கெப்பாசிட்டர் ரீப்ளேஸ்மென்ட்' என்று வைத்திருந்தான். "கடைக்கு வர்றவங்க என்ன சொல்லிட்டு வருவாங்க?" என்றேன்.

"மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்குதும்பாங்க."

அதையே தலைப்பாக்கினான். ஸ்டுடியோவிலேயே முன்பகுதியை வெட்டினான். ஏற்றிய வீடியோவை அழிக்காமல், பார்வைகள் போகாமல் அப்படி வெட்டலாம்.

மூன்று வாரம் கழித்துப் பார்வைகள் 126. ஊரில் சொல்லிக்கொள்ளும் எண் இல்லை. ஆனால் அதில் நாற்பது பேர் தேடி வந்தவர்கள், முகம் தெரியாதவர்கள். விலகும் கோடு இப்போது மூன்றாவது நிமிடம் வரை ஓரளவு தாக்குப்பிடித்தது. பழைய கண்டன்சரைக் கழற்றி, அதன் மேல் எழுதியிருக்கும் அளவை அவன் விரலால் தொட்டுக் காட்டும் இடம் அது.