மணிக்கு ஏழு கிராம்

ஒரு குவாட்டர் பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு குவாட்டரை இரவு பத்து மணிக்குள் முடித்தால், 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 250 மில்லிகிராமை எட்டலாம். அது மணிக்கு 15 மில்லிகிராம் வீதம்தான் இறங்கும். காலை ஆறு மணிக்கு அவர் குளித்து, காபி குடித்து, பைக்கை எடுக்கும்போது ரத்தத்தில் இன்னும் 130 மிச்சம். சட்டம் அனுமதிப்பது 30. அந்த அளவுக்கு இறங்க மதியம் பன்னிரண்டரை தாண்டிவிடும். காபியோ மோரோ இந்த வேகத்தைக் கூட்டாது.

பெரும்பாலான மருந்துகள் ரத்தத்தில் அதிகமாக இருந்தால் அதிகமாகவே வெளியேறும். ஆல்கஹால் அப்படியல்ல. கல்லீரல் அதை முதலில் அசிட்டால்டிஹைடாகவும் பிறகு அசிட்டேட்டாகவும் மாற்றுகிறது. இரண்டு படியிலும் ஆல்கஹாலிலிருந்து பிரியும் ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ள என்ஏடி என்ற மூலக்கூறு வேண்டும். அது ஒரு பரிசல் மாதிரி: ஹைட்ரஜனை ஏற்றிக்கொண்டு போய், மைட்டோகாண்ட்ரியா பக்கம் இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பினால்தான் அடுத்த நடை. கரையில் பத்துப் பேர் நின்றாலும் ஆயிரம் பேர் நின்றாலும் நடை கூடாது. நொதிகளும் ஓரிரு பெக்கிலேயே முழு வேலையில் இறங்கிவிடுகின்றன. கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 கிராமோடு நின்றுவிடுவது இதனால்தான்.

கொழுப்பின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. கொழுப்பு அமிலங்களை எரிக்கவும் அதே பரிசல் தேவை. இரவு முழுக்க அது ஆல்கஹாலுக்கே ஓடினால், எரிய வேண்டிய கொழுப்பு செல்லிலேயே தங்கும். போதாக்குறைக்கு, ஹைட்ரஜன் நிரம்பிய அந்தச் சூழல் கொழுப்பு அமிலங்களைக் கோத்து வைக்கும் கிளிசரால் பாஸ்பேட்டையும் அதிகம் உண்டாக்குகிறது. செல்லுக்குள் எண்ணெய்த் துளிகள் திரள்கின்றன.

குடிகாரர் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். சார்லஸ் லீபரும் இமானுவேல் ரூபினும் 1968-ல் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. தன்னார்வலர்களுக்குப் புரதம் மிகுந்த, கொழுப்பு குறைந்த சாப்பாட்டோடு ஆல்கஹால் கொடுத்தார்கள். ஊட்டச்சத்தில் குறையே இல்லை. ஆனாலும் கல்லீரலில் கொழுப்பு ஏறியது.

இதற்கு வலி கிடையாது. ஸ்கேனில் கல்லீரல் வழக்கத்தைவிட வெளுத்துத் தெரியும். ரத்தப் பரிசோதனையில் ஜிஜிடி கூடியிருக்கும். குடியை அடியோடு நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் கொழுப்பு வடிந்துவிடும். வடு விழுந்த பிறகு இவ்வளவு சுலபமில்லை.

“எனக்கு ஏறவே மாட்டேங்குது” என்று பெருமைப்படுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பாதி மூளை பழகிக்கொண்டதால். மீதி, தினமும் நிறையக் குடிப்பவரின் கல்லீரல் சிஒய்பி2இ1 என்ற மாற்று நொதியைப் பெருக்கிக்கொள்வதால். மணிக்கு 7 என்ற கணக்கு அவரிடம் கொஞ்சம் உயரும். ஆனால் அந்த நொதி வேலை செய்யும்போது வெளிவரும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள், ஏற்கெனவே சேர்ந்த கொழுப்பைத் தாக்கிக் கெடுத்து வீக்கத்துக்கு வழி செய்கின்றன. தலைவலிக்குப் போடும் பாராசிட்டமாலில் ஒரு பகுதியை நஞ்சாக மாற்றுவதும் இதே நொதிதான்.