வயித்துப் பக்கத்துல போன் வைக்கலாமா? கர்ப்ப காலமும் கதிர்வீச்சும்

அய்யலூர்ல எங்க தெருவுல ஒரு பெண்ணுக்கு இது அஞ்சாம் மாசம். மாமியார் போனைத் தொட விடறதில்லையாம். "கதிர்வீச்சு புள்ளைய பாதிக்கும்னு எல்லாரும் சொல்றாங்களே, நெசமா?"ன்னு என்கிட்ட கேட்டாங்க. இந்தக் குறிப்பு அதுக்காகத்தான்.

குழப்பம் பாதி அந்த வார்த்தையிலேயே இருக்கு. எக்ஸ்-ரேயையும் கதிர்வீச்சுன்னு சொல்றோம், போன் சிக்னலையும் கதிர்வீச்சுன்னு சொல்றோம், அடுப்புத் தணலோட அனலும் அதே வகைதான். எக்ஸ்-ரே, ஒரு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எறியும் சக்தி உள்ளது. அதனால மரபணுவை உடைக்க முடியும். அப்படிப் பிய்க்க ஏறக்குறைய 10 எலக்ட்ரான் வோல்ட் வேணும். மைக்ரோவேவ் அடுப்பின் அலைக்கு (2.45 கிகாஹெர்ட்ஸ்) இருப்பது அதுல பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். போன் அலையும் கிட்டத்தட்ட அதே அளவு. எத்தனை மணி நேரம் பேசினாலும் இந்தச் சின்னச் சின்னத் துளிகள் சேர்ந்து ஒரு எக்ஸ்-ரே ஆகாது. கூழாங்கல்லை ஆயிரம் தடவை எறிந்தாலும் மலைப்பாறை உடையாது என்பது போல.

அப்போ அது என்னதான் செய்யும்? நிச்சயமாகத் தெரிந்த விளைவு சூடு மட்டும்தான். எவ்வளவு சூடுன்னு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4ஜி போன் அதிகபட்சமா வெளியிடுவது 0.2 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் உடம்பு தானாகவே 80 வாட் அளவுக்குச் சூட்டை உண்டாக்குது. போனோட பங்கு அதுல நானூறில் ஒன்று. அதுவும் தோலுக்கு அடியில சில சென்டிமீட்டர்லயே பெரும்பகுதி அடங்கிவிடும், ரத்த ஓட்டம் மிச்சத்தை அள்ளிக்கிட்டுப் போயிடும். இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல், ஒரு கிராம் திசுவில் கிலோவுக்கு 1.6 வாட் என்பது போனுக்கான உச்ச வரம்பு. உங்க போனோட அளவைப் பார்க்க `*#07#` அழுத்துங்க, பல போன்களில் திரையிலேயே காட்டும்.

ஒரு விஷயம் மட்டும் நம்ம பக்கத்துக்குப் பொருந்தும். மலையடிவாரத்துல சிக்னல் ஒரு கோடுதான் இருக்கும். சிக்னல் குறைஞ்சா போன் அதிக சக்தியோட கத்தும். கவலையா இருந்தா திண்ணைக்கு வந்து ஸ்பீக்கர் போட்டுப் பேசுங்க, அது போதும். கடைகள்ல 'கதிர்வீச்சு தடுப்பு'ன்னு விக்கிற ஸ்டிக்கர் வேண்டாம். அது வேலை செய்து சிக்னலை மறைச்சாலும், போன் இன்னும் பலமாத்தான் கத்தும்.

"டென்மார்க்ல ஆராய்ச்சி பண்ணி கெடுதல்னு சொல்லிட்டாங்களே"ன்னு சிலர் கேட்பாங்க. 2008ல் வந்தது அது. சுமார் 13,000 குழந்தைகளின் தாய்மாரிடம், பிள்ளைகளுக்கு ஏழு வயசானப்போ, கர்ப்பத்துல எவ்வளவு போன் பேசினீங்கன்னு கேட்டாங்க. அதிகம் பேசினவங்க பிள்ளைகளிடம் நடத்தைப் பிரச்சினை கூடுதலா இருந்தது. ஆனா ஏழு வருஷம் கழிச்சு நினைவிலிருந்து சொன்ன பதில் அது. அதோட, அதிகம் பேசின அம்மாக்கள் புகைப்பழக்கத்துலயும் வசதியிலும் மத்தவங்ககிட்ட இருந்து வேறுபட்டிருந்தாங்க. 2017ல் டென்மார்க், கொரியா, நெதர்லாந்து, நார்வே, ஸ்பெயின் என ஐந்து நாட்டில் 83,000க்கு மேற்பட்ட தாய்-சேய் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தபோதும் பிள்ளைகளின் துறுதுறுப்போடு ஒரு தொடர்பு தெரிந்தது. அது அலையாலயா, வளர்ப்பு முறையாலயா என்று பிரித்துச் சொல்ல முடியலைன்னு ஆய்வாளர்களே எழுதியிருக்காங்க. எப்பவும் போனும் கையுமா இருக்கிற வீட்டுல பிள்ளை மேல கவனம் குறையறதும் இந்தக் கணக்குக்குள்ள வந்துடும் இல்லையா?

மைக்ரோவேவ் அடுப்புல 5 செ.மீ தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் வரைதான் கசியலாம்னு விதி. அரை மீட்டர் தள்ளி நின்னா அதுவும் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிடும். கதவு சரியா மூடாமலோ கீல் ஆடிக்கிட்டோ இருந்தா மட்டும் ஓட்டாதீங்க. லேப்டாப்பைப் பொறுத்தவரை, மடியில வெச்சா சூடும் முதுகு வலியும்தான், மேசையில வெச்சுக்கலாம்.

சூடுன்னு பயப்படணும்னா வேற இடத்துல பயப்படணும். கரு உருவான முதல் சில வாரத்துல அம்மாவுக்கு 39 டிகிரி செல்சியஸைத் தாண்டி காய்ச்சல் அடிச்சா, குழந்தையோட மூளை, தண்டுவடக் குறைபாட்டோட அதுக்குத் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கு. அதாவது 102 ஃபாரன்ஹீட். போனைப் பிடுங்கி வைக்கிற வீட்டுலயே "சாதாரண காய்ச்சல்தானே"ன்னு ரெண்டு நாள் பார்க்கிறதும், சித்திரை வெயில்ல நூறு நாள் வேலைக்கு அனுப்புறதும் நடக்குது. காய்ச்சல்னா அன்னிக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. எக்ஸ்-ரே எடுக்கச் சொன்னா கர்ப்பம்னு முதல்லயே சொல்லிடுங்க.

அந்த மாமியார்கிட்ட நான் கடைசியா சொன்னது இதுதான்: ராத்திரி வலி வந்தா 108ஐக் கூப்பிட அந்தப் பெண் கையில போன் இருக்கணும்மா, பீரோவுல இல்ல.