தினமும் கட்ட எந்தக் கைக்கடிகாரம்?

கைக்கடிகாரங்களில் மூன்று வகை உண்டு. சுருள்வில்லின் விசையால் ஓடுவது மெக்கானிக்கல். செல்லில் இருந்து வரும் மின்சாரத்தில் அதிரும் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு நேரத்தைக் கணக்கிடுவது குவார்ட்ஸ். சிறிய கணினியாக இயங்குவது ஸ்மார்ட் வாட்ச். மூன்றும் மணி காட்டும் என்றாலும் பழுதாகும் விதம் வேறு. எந்தப் பாகம் முதலில் தேயும், அதை மாற்ற முடியுமா என்பதைப் பொறுத்தே ஒரு கடிகாரத்தின் ஆயுள் அமைகிறது.

முதல் இரண்டு வகைகளையும் விநாடி முள்ளைப் பார்த்தே பெரும்பாலும் பிரித்தறியலாம். குவார்ட்ஸ் கடிகாரத்தில் முள் விநாடிக்கு ஒருமுறை குதித்து நிற்கும். மெக்கானிக்கலில் அது விநாடிக்கு ஆறு அல்லது எட்டு சிறு அடிகளாக நகர்வதால் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும். சில குவார்ட்ஸ் கடிகாரங்களிலும் முள் வழுக்கி ஓடும். அப்போது பின்மூடியில் உள்ள எழுத்துகளைப் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்பது மெக்கானிக்கலின் ஓர் உட்பிரிவு. கை அசையும்போது உள்ளே ஓர் அரைவட்ட எடைத்தகடு சுழன்று சாவி கொடுக்கும். கடிகாரத்தை மெல்லத் திருப்பினால் அந்தச் சுழற்சியைக் கையில் உணரலாம்.

மெக்கானிக்கல் கடிகாரம் நாளொன்றுக்குப் பத்து, இருபது விநாடி முன்பின்னாக ஓடுவது இயல்பு. பத்து விநாடி என்றே வைத்தாலும் மாதத்துக்கு ஐந்து நிமிடம் தவறும். உள்ளே இருக்கும் எண்ணெய் காலப்போக்கில் உலர்ந்துவிடும் என்பதால், ஏறக்குறைய ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெய் இட வேண்டும். அப்படிப் பராமரித்தால் பல பத்தாண்டுகள் உழைக்கும். பெங்களூரில் 1961இல் தொடங்கப்பட்ட எச்.எம்.டி. தொழிற்சாலையின் சாவி கொடுக்கும் கடிகாரங்கள் இன்றும் பலர் கையில் ஓடுவது இதனால்தான். திடீரென நாளுக்குப் பல நிமிடம் முந்தத் தொடங்கினால், ஒலிபெருக்கி போன்றவற்றின் காந்தம் மெல்லிய மயிர்ச்சுருளில் ஏறியிருக்கக்கூடும். பழுதுபார்க்கும் கடையில் காந்தத்தை இறக்கினால் சரியாகிவிடும்.

குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் செய்கோ நிறுவனம், ஆண்டு 1969. இன்றைய குவார்ட்ஸ் கடிகாரங்களில் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சாதாரண கடிகாரமே மாதத்துக்குப் பதினைந்து விநாடி அளவில்தான் தவறும். செல் இரண்டு மூன்று ஆண்டு வரும். பல கடிகாரங்களில் செல் தீரப்போகும்போது விநாடி முள் இரண்டு அல்லது நான்கு விநாடியை ஒரே தாவலில் கடக்கும். தீர்ந்த செல்லை உள்ளேயே விட்டுவைப்பதுதான் ஆபத்து. அதில் கசியும் ரசாயனம் மின்சுற்றை அரித்துவிடும்.

ஸ்மார்ட் வாட்ச் நேரத்தைத் துல்லியமாகக் காட்டும். நடை, இதயத்துடிப்பு, அழைப்பு எல்லாம் சொல்லும். ஆனால் அதன் லித்தியம் பேட்டரி ஏற்றி இறக்க இறக்கத் தளரும். தினமும் சார்ஜ் செய்யும் கடிகாரத்தில் மூன்று நான்கு ஆண்டுகளிலேயே அது நன்றாகத் தெரியும். ஒட்டி மூடப்பட்ட உடலைத் திறந்து பேட்டரியை மாற்றுவதும் எளிதல்ல. மென்பொருள் புதுப்பிப்பு நின்றுவிட்டால், நன்றாக ஓடும் கருவியும் புதிய போனோடு இணையாமல் போகலாம்.

எந்த வகையானாலும் வெளிக்கூடு முக்கியம். பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று மட்டும் இருந்தால், மூடி மட்டுமே எஃகு. சுற்றுக்கூடு பெரும்பாலும் முலாம் பூசிய பித்தளையோ வேறு மலிவான உலோகமோதான். வியர்வை படும் இடத்தில் முலாம் உரிந்து கூடு அரிக்கும். ‘30 மீட்டர்’ என்பதை அந்த ஆழம்வரை முங்கலாம் என்று பொருள்கொள்ளக் கூடாது. கை கழுவும்போது தெறிக்கும் நீரைத்தான் அது தாங்கும். நீச்சலுக்கு 100 மீட்டர் வேண்டும். நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் நாளாக இறுகிவிடும் என்பதால், செல் மாற்றும்போது அதையும் மாற்றச் சொல்வது நல்லது. கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். உடனே திறந்து உலர்த்த வேண்டும்.

தினமும் இருசக்கர வாகனத்தில் வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். மழை, வியர்வை, தூசி, அதிர்வு எல்லாம் கடிகாரத்தின் மேல்தான். அவருக்கு முழு எஃகுக் கூடும் 100 மீட்டர் நீர்த்தாங்கலும் உள்ள குவார்ட்ஸ் கடிகாரமே பொருத்தம். வார் 18 அல்லது 20 மில்லிமீட்டர் அகலத்தில், சாதாரண ஊசியில் பொருந்துவதாக இருந்தால் அறுந்தபோது எந்தக் கடையிலும் மாற்று கிடைக்கும். பத்து ஆண்டில் நான்கைந்து செல்லும் சில வார்களும்தான் அவருக்குச் செலவு. மெக்கானிக்கல் வாங்கினால் அதே காலத்தில் இரண்டு முறை முழுப் பராமரிப்பு தேவைப்படும். ஸ்மார்ட் வாட்ச் என்றால் கடிகாரத்தையே இரண்டு மூன்று முறை மாற்ற நேரிடும். உடல்நலத் தகவல்கள் அன்றாடம் தேவைப்படுபவருக்கு அந்தச் செலவு தகும். மணி பார்க்க மட்டும் என்றால் குவார்ட்ஸே போதும்.